யூடியூப் மெம்பர்ஷிப்பா, வெளியில் பேட்ரியான், கோ-ஃபையா? சின்னச் சேனல்காரர்கள் கேட்கும் கேள்விகள்

என் சேனல்ல 700 சப்ஸ்கிரைபர்தான். மெம்பர்ஷிப் திறக்க முடியுமா, இல்ல வெளித்தளத்துக்குத்தான் போகணுமா?

முடியும். பார்வையாளர்கள் மாதாமாதம் பணம் கொடுத்து சேனலை ஆதரிக்கும் யூடியூப் வசதிதான் மெம்பர்ஷிப். ஆனால் அதைத் திறக்க சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை மட்டும் போதாது. 2023 ஜூனில் யூடியூப் இந்த வரம்பைக் குறைத்தது. 500 சப்ஸ்கிரைபர், கடந்த 90 நாளில் 3 பொது வீடியோ, அதோடு 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 30 லட்சம் பார்வை இருந்தால் மெம்பர்ஷிப்பும், ஒரு வீடியோவுக்கு ஒருமுறை பணம் தரும் சூப்பர் தேங்க்ஸும் திறக்கும். விளம்பரப் பங்கு வேண்டுமானால்தான் 1,000 சப்ஸ்கிரைபரும், 4,000 மணி நேரமோ 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வையோ வேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது 3,000 மணி நேரத்தில்தான். உங்கள் வீடியோவை ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வையுங்கள். 3,000 மணி நேரம் என்பது 1,80,000 நிமிடம். அப்படியென்றால் ஒரு வருடத்தில் 45,000 பார்வை வேண்டும். 700 பேர் பின்தொடரும் சேனலுக்கு இது எட்டாத எண்ணிக்கை கிடையாது, ஆனால் தானாக வந்துவிடவும் வராது. குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட சேனலுக்கு எவ்வளவு மணி நேரம் சேர்ந்தாலும் மெம்பர்ஷிப் கிடைக்காது.

யூடியூப்புக்கு வெளியே ஆதரவாளர்களிடம் பணம் திரட்ட உதவும் வெளித்தளங்களில் இந்த வாசற்படியே இல்லை. பேட்ரியான், கோ-ஃபை, பை மீ எ காஃபி எதுவானாலும் முதல் வீடியோ போட்ட அன்றே பக்கம் திறக்கலாம். மணி நேரம் சேரும்வரை உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். ஆகவே கீழே உள்ள ஒப்பீடெல்லாம் இரண்டு கதவும் திறந்திருப்பவர்களுக்குத்தான்.

யூடியூப் 30 சதவீதம் எடுக்குது, பேட்ரியான் 10 தான் எடுக்குது. அப்போ பேட்ரியான்தானே லாபம்?

அந்த 10 மட்டும் போவதில்லை. 5 டாலரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

யூடியூப்பில் 5 டாலருக்கு உங்கள் பங்கு 70 சதவீதம், அதாவது 3.50 டாலர். கார்டு நிறுவனம் எடுக்கும் கட்டணத்தை யூடியூப் தன் பங்கிலிருந்தே கட்டிவிடுகிறது. பேட்ரியானில் 2025 ஆகஸ்ட் 4-க்குப் பிறகு பக்கம் தொடங்குபவர்களுக்குத் தளக் கட்டணம் 10 சதவீதம், அதாவது 50 சென்ட். அதற்கு மேல் பணம் வசூலிக்கும் கட்டணம் தனி. 3 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு அது 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் சேர்ந்தது. 5 டாலருக்கு ஏறத்தாழ 44 சென்ட் வரும். ஆக, கையில் நிற்பது 4.05 டாலர். வித்தியாசம் 55 சென்ட். 10-க்கும் 30-க்கும் இடையில் தெரிகிற பெரிய பள்ளம் இங்கே வந்து சேரும்போது இவ்வளவாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் நாணயம் வேறாக இருந்து அதை மாற்றவும் வேண்டியிருந்தால், பேட்ரியான் இன்னொரு 2.5 சதவீதம் எடுக்கும்.

கோ-ஃபையில் இலவசக் கணக்கு வைத்திருந்தால், ஒருமுறை தரும் அன்பளிப்புக்குத் தளக் கட்டணம் இல்லை. மாதாந்திர உறுப்பினர் தொகைக்கு 5 சதவீதம். பணம் நேராக உங்கள் பேபால் அல்லது ஸ்ட்ரைப் கணக்கில் விழும், அவர்களுடைய கட்டணமும் உங்களிடமிருந்தே போகும். அது 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் என்று கொண்டால், 5 டாலரில் 4.30 கிடைக்கும்.

வரியையும் பார்க்க வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. விற்பனை வரி உள்ள பல நாடுகளில் யூடியூப் காட்டும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கும். வரி போன மிச்சத்தில்தான் உங்களுக்கு 70 சதவீதம். பேட்ரியான் அந்த வரியை உறுப்பினரிடம் தனியாகக் கூட்டி வாங்குகிறது. அதனால் 20 சதவீத வரி உள்ள நாட்டிலிருந்து வரும் 5 டாலர், யூடியூப் வழியே வந்தால் உங்களுக்கு 2.92 ஆகிவிடும்.

அப்போ 1 டாலர்ல ஒரு டயர், அதாவது ஒரு கட்டண நிலை, வச்சா நிறைய பேர் சேருவாங்களே?

சேருவார்கள், ஆனால் வெளித்தளத்தில் அந்த டாலரை நிலைக்கட்டணம் அரித்துவிடும். சதவீதம் தொகையோடு சேர்ந்து குறையும். 30 சென்ட் எங்கேயும் குறையாமல் அப்படியே நிற்கும். கோ-ஃபையில் 1 டாலர் மாதச் சந்தா வைத்தால் 5 சென்ட், 3 சென்ட், 30 சென்ட் என்று போய் உங்களுக்கு 62 சென்ட்தான் மிஞ்சும். யூடியூப் தருவது 70 சென்ட். '30 சதவீதம் எடுக்கிறார்கள்' என்று நாம் கோபப்படும் இடமே இங்கே மலிவாக முடிகிறது. ஏறத்தாழ 1.36 டாலரைத் தாண்டினால்தான் கோ-ஃபை முந்தும்.

பேட்ரியான் இந்தப் பிரச்சினையை அறிந்துதான் 3 டாலரும் அதற்குக் குறைவாகவும் உள்ள தொகைகளுக்கு 5 சதவீதமும் 10 சென்ட்டும் என்று தனி விகிதம் வைத்திருக்கிறது. அங்கே 1 டாலரில் 75 சென்ட் கிடைக்கும்.

இந்தச் சில்லறை எவ்வளவு நுண்ணியது என்பதற்கு 2017 டிசம்பரில் நடந்தது நல்ல சாட்சி. ஒவ்வொரு தொகைக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் ஆதரவாளர்கள் தலையிலேயே ஏற்றப்போவதாகப் பேட்ரியான் அறிவித்தது. 1 டாலர் கொடுத்துவந்தவர் 1.38 கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குத் தலா 1 டாலர் கொடுப்பவருக்கு ஒரேயடியாக 3.80 கூடுதல். ஒரே வாரத்துக்குள் அவ்வளவு பேர் விலகினார்கள், பேட்ரியான் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த வாரத்தில் அதிகம் அடிபட்டவர்கள் 1 டாலர், 2 டாலர் ஆதரவாளர்களை நம்பியிருந்த சின்னப் படைப்பாளிகள்தான்.

என் கருத்து: வெளித்தளத்தில் கீழ்நிலை டயரை 3 டாலரில் தொடங்குங்கள். 1 டாலர் கொடுக்க நினைப்பவர்களுக்கு மெம்பர்ஷிப்பே வசதி.

ஒரு ஆளுக்கு 55 சென்ட்தான் வித்தியாசம்னா, எதுல மொத்தமா அதிகம் வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

மெம்பர்ஷிப்பில் 5 டாலருக்கு 30 பேர் சேர்வார்கள் என்று வையுங்கள். மாதம் 105 டாலர். அதே 105 பேட்ரியானில் வர, 4.05 கணக்கில் 26 பேர் வேண்டும். கோ-ஃபையில் 25 பேர். அதாவது உங்கள் 30 பேரையும் பேட்ரியானுக்கு அனுப்பும்போது வழியில் 4 பேருக்கு மேல் கழன்றுகொண்டால், குறைந்த கட்டணத்தில் கிடைத்த லாபம் போய்விட்டது.

வழியில் எத்தனை பேர் கழன்றுகொள்வார்கள்? என்னுடையது பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சேனல். வெளிப்பக்கம் திறந்த புதிதில், என் சித்தப்பா ஆசையோடு சேர உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தேன். வீடியோவுக்குக் கீழே விவரத்தை விரித்து, ஐந்தாவது வரியில் இருந்த இணைப்பைக் கண்டுபிடித்துத் தொட்டார். செயலிக்குள்ளேயே ஒரு குட்டி உலாவி திறந்தது. கணக்குத் தொடங்கு என்றது. மின்னஞ்சல் கொடுத்தார். உறுதி செய்யும் எண்ணை எடுக்க மின்னஞ்சல் செயலிக்குப் போய்த் திரும்பினால், பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை கார்டு எண்வரை வந்தார். கார்டு மேல்மாடியில் இருந்தது. 'அப்புறம் பார்க்கறேன்டா' என்றார். என் சித்தப்பா என்பதால் மறுநாள் சேர்ந்தார். வேறு யாராவது என்றால் அதோடு முடிந்திருக்கும்.

மெம்பர்ஷிப்பில் 'Join' பட்டன் வீடியோவுக்கு நேர் கீழே இருக்கிறது. கூகுள் கணக்கில் ஏற்கெனவே பணம் கட்டும் வழி வைத்திருப்பவருக்கு இரண்டு மூன்று தொடுதல்தான், விலையும் அவர் நாட்டு நாணயத்தில் தெரியும். இந்த வசதிக்குத்தான் அந்த 55 சென்ட் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் சேனலுக்கு எது என்று கண்டறிய, வெளிப்பக்க இணைப்பை எண்ணிக்கை காட்டும் குறு இணைப்பாக மாற்றி ஒரு மாதம் விடுங்கள். 60 பேர் தொட்டு 3 பேர் சேர்ந்திருந்தால் ஆர்வம் இருக்கிறது, வழிதான் கடினம், மெம்பர்ஷிப் உதவும். மொத்தமே 6 பேர்தான் தொட்டிருந்தால் சிக்கல் கட்டணத்திலும் இல்லை, தளத்திலும் இல்லை. நீங்கள் வீடியோவில் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஷார்ட்ஸ் மட்டும் போடுபவர்கள் இந்தச் சோதனையை விட்டுவிடலாம், 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் விவரத்திலும் கருத்துகளிலும் உள்ள இணைப்புகள் தொட்டால் திறப்பதில்லை.

ஐபோன்ல சேர்ந்தா அதிகம் பிடிக்கறாங்களாமே?

பேட்ரியானின் ஐபோன் செயலிக்குள் ஆப்பிள் வழியாகப் பணம் கட்டினால் ஆப்பிள் 30 சதவீதம் எடுக்கும். 2024 நவம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. செயலியில் மட்டும் விலையைக் கூட்டிக் காட்டி அதைச் சமன் செய்ய அமைப்பில் வசதி இருக்கிறது, அதை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் 5 டாலரில் ஆப்பிளுக்கு 1.50, பேட்ரியானுக்கு 50 சென்ட் போய் 3 டாலர்தான் நிற்கும், மெம்பர்ஷிப்பைவிடக் குறைவு. அதைவிட எளிது, 'உலாவியில் திறந்து சேருங்கள்' என்று வீடியோவிலேயே சொல்லிவிடுவது.

மெம்பர்களுக்கு என்ன கொடுக்கறது? எதை எங்கே கொடுக்கலாம்?

நீங்கள் கொடுக்கப்போவது தருணமா, கோப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தளத்தைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும் என்பது என் அனுபவம்.

நேரலை செய்பவர்களுக்கு மெம்பர்ஷிப் அருமையாகப் பொருந்தும். பெயருக்குப் பக்கத்தில் பேட்ஜ், சொந்த எமோஜி, மெம்பர்களுக்கு மட்டுமான அரட்டை எல்லாம் நேரலை நடக்கும் இடத்திலேயே வேலை செய்கின்றன. மற்ற பார்வையாளர்கள் பேட்ஜைப் பார்த்துத் தாங்களும் சேர்கிறார்கள். வெளித்தளம் எதுவும் இதைத் தர முடியாது.

என்னிடம் சேருபவர்கள் கேட்பது சுற்று வரைபடம், உதிரிப் பட்டியல், ஸ்கேன் செய்த பழைய கையேடு. யூடியூப்பில் கோப்பு இணைத்துக் கொடுக்க இடம் கிடையாது. வேறெங்காவது ஏற்றி இணைப்பை மெம்பர் போஸ்ட்டில் போட்டால், அந்த இணைப்பு ஒரே நாளில் ஊரெல்லாம் சுற்றும். பேட்ரியானில் கோப்பைப் பதிவோடு இணைக்கலாம், எந்த டயருக்குத் தெரிய வேண்டும் என்றும் வைக்கலாம். ஒலிப்பதிவு தந்தால், உறுப்பினர்கள் பாட்காஸ்ட் செயலியில் சேர்த்துக் கேட்க ஆளுக்கொரு தனி ஆர்.எஸ்.எஸ் முகவரி கிடைக்கும். ஆகவே பாட நோட்டு, வரைபடம், ஒலிக்கோப்பு தருபவர்கள் வழியில் சிலர் கழன்றாலும் வெளியே போவதுதான் சரி.

எதைக் கொடுத்தாலும் மணி நேரத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். மேல்நிலை டயரில் 'மாதம் ஒருமுறை உங்கள் பெட்டியைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன்' என்று நான் எழுதி வைத்தேன். 15 டாலர், 6 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு அரை மணி என்று நினைத்தது, நேரம் ஒத்துக்கொள்வது முதல் படம் அனுப்பச் சொல்வதுவரை சேர்த்து ஒன்றரை மணி ஆனது. மாதம் 9 மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு வீடியோவே எடுத்திருக்கலாம், எடுக்காததால் பார்வை குறைந்தது, புதிதாகச் சேருபவர்களும் குறைந்தார்கள். மூன்றாவது மாதம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அதை எல்லோரும் கேள்வி கேட்கும் ஒரே நேரலையாக மாற்றினேன். 6 பேரில் 5 பேர் இருந்தார்கள்.

ரெண்டையும் சேர்த்து வச்சா என்ன?

வைக்கலாம், ஆனால் இரண்டு மாதச் சந்தாவாக வைக்காதீர்கள். ஒரே விலைக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமான பொருள் கொடுத்தால், 'அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை' என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வரும். இரண்டிலும் ஒன்றையே கொடுத்தால் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை ஏற்ற வேண்டும், ஒருநாள் ஒன்றில் மறந்துபோகும்.

100 பேருக்குக் கீழே இருக்கும்வரை ஒரு மாதச் சந்தா, பக்கத்தில் ஒருமுறை அன்பளிப்புக்கு ஒரு கோ-ஃபை பக்கம். நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான். மாதாமாதம் கட்ட விரும்பாதவர்கள், ஒரு வீடியோ பயன்பட்டதும் நன்றியாக ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போவார்கள். மைக் வாங்கவோ லென்ஸ் வாங்கவோ இலக்கு வைத்துத் திரட்டவும் அந்தப் பக்கமே போதும்.

போன மாசம் 38 பேர் இருந்தாங்க, இந்த மாசம் 33. யாரும் விலகறேன்னு சொல்லலையே?

அவர்கள் விலகவே இல்லாமல் இருக்கலாம். கார்டு காலாவதி, கணக்கில் பணமின்மை, தானாகக் கழியும் தொகைக்கு வங்கி ஒப்புதல் தராதது, இவற்றால் மாதத் தொகை விழாமல் போவது சாதாரணம். பேட்ரியானில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து 'Declined' என்று வடிகட்டிப் பாருங்கள். அந்த ஐவரும் அங்கே இருந்தால் நல்ல செய்தி. தளம் அடுத்த சில நாட்களில் மறுபடி முயலும். நீங்களும் ஒரு வரி எழுதலாம்: 'இந்த மாதத் தொகை கார்டில் நின்றுவிட்டது போலிருக்கிறது, நேரமிருக்கும்போது பாருங்கள்.' கடனைக் கேட்பது போல எழுதாதீர்கள். பலருக்கு நின்றதே தெரிந்திருக்காது.

மெம்பர்ஷிப்பில் இப்படித் தேடிப் போய் எழுத வழியில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று தெரியும், அவர்களுடைய மின்னஞ்சல் உங்களுக்கு வராது.

சேனலுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஆதரவு என்ன ஆகும்?

மெம்பர்ஷிப் சேனலின் வருமானத் தகுதியோடு கட்டப்பட்டது. தகுதி பறிபோனால் 'Join' பட்டனும் போகும். தவறே செய்ய வேண்டாம், 6 மாதத்துக்கு மேல் எதுவும் பதிவிடாமல் இருந்தாலே தகுதியை எடுத்துவிட யூடியூப்புக்கு உரிமை உண்டு. உடல்நலம், குடும்பம் என்று நீண்ட இடைவெளி வரக்கூடியவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெளித்தளமும் உங்களை நீக்கலாம். ஆனால் பேட்ரியானில் உறுப்பினர் பட்டியலை மின்னஞ்சலோடு சி.எஸ்.வி கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள். தளம் மூடினாலும் அந்த 33 பேருக்கும் 'இனி இங்கே வாருங்கள்' என்று எழுதலாம். மெம்பர்ஷிப் வைத்திருப்பவர்கள் தனியாக ஒரு மின்னஞ்சல் மடல் தொடங்கி மெம்பர் போஸ்ட்டில் அதன் இணைப்பைப் போடுங்கள், பாதிப்பேர் சேர்ந்தாலும் போதும்.

பணம் எப்போ கைக்கு வரும்?

மெம்பர்ஷிப் பணம், கூகுள் வருமானத்தை அனுப்பும் ஆட்சென்ஸ் கணக்கு வழியே வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள். 5 டாலருக்கு 10 பேர் இருந்தால் மாதம் 35 டாலர், மூன்றாவது மாதம்தான் வரம்பு தாண்டும். நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் ஆட்சென்ஸில் வரிப் படிவத்தை, தனிநபருக்கு W-8BEN, முதலில் நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் அமெரிக்கப் பார்வையாளர்களின் பணத்தில் மட்டுமல்ல, மொத்த வருமானத்திலும் 24 சதவீதம்வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்கள் தரும் பங்கில் மட்டும், உங்கள் நாட்டு ஒப்பந்தப்படி பிடிப்பார்கள். கோ-ஃபையில் பணம் நேராக உங்கள் கணக்குக்கே வருவதால் காத்திருப்பு குறைவு.

மெம்பர்ஷிப்ல இருக்கறவங்களைப் பேட்ரியானுக்கு மாத்தலாமா?

தளத்துக்குத் தளம் மாற்றும் பொத்தான் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் இங்கே விலகி அங்கே சேர வேண்டும், அதாவது என் சித்தப்பா பட்ட பாட்டை ஒவ்வொருவரும் படவேண்டும். கட்டாயம் மாற வேண்டுமானால், முதலில் புதிய பக்கத்தில் இரண்டு மூன்று பதிவு போட்டு வையுங்கள், காலியான வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள். பிறகு மெம்பர் போஸ்ட்டில் தேதி சொல்லி அறிவியுங்கள். ஒரு மாதம் இரண்டிலும் ஒரே பொருளைக் கொடுங்கள். மெம்பர்ஷிப்பை அந்த மாதமே மூடாதீர்கள். புதிய இடத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, பழைய வருமானத்தை ஈடுகட்டும் எண்ணிக்கையை, 30 பேருக்கு 26 என்று மேலே போட்ட அதே கணக்கு, தாண்டிய பிறகு மூடுங்கள். தாண்டவில்லையென்றால் புதிய பக்கத்தை அன்பளிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெம்பர்ஷிப் இருந்தபடியே இருக்கட்டும்.